ஃப்ளூரைடு எங்கே போகிறது? சுருக்கக் குவியலிலிருந்து ஒரு பொருளடக்கம்

ஒரு பொருளைப் பற்றி இதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி, சீர்தூக்கிப் பார்த்து எழுதப்படுவது மீளாய்வுக் கட்டுரை. புதிய சோதனை எதுவும் அதில் இருக்காது. பிறர் செய்ததை எந்த வரிசையில், எந்தத் தலைப்புகளின் கீழ் வைப்பது என்பதில்தான் அதன் உழைப்பெல்லாம் இருக்கிறது. பெரும்பாலும் அந்த வேலை ஆய்வுச் சுருக்கங்களின் குவியலில் தொடங்குகிறது. தரவுத்தளத்தில் தேடினால் ஒவ்வொரு கட்டுரையின் தலையிலும் இருக்கும் இருநூறு சொல் பத்தி கிடைக்கும். அவற்றில் நூறையோ இருநூறையோ கையில் வைத்துக்கொண்டு பொருளடக்கத்தை எப்படி வடிப்பது?

நிலத்தடி நீரிலிருந்து ஃப்ளூரைடை நீக்கும் முறைகளை எடுத்துக்கொண்டால் இது நன்றாக விளங்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் இது நெடுங்காலப் பிரச்சினை. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளூரைடு இருக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைத் தாண்டிய நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் பற்களில் கறை விழும், அளவு கூடினால் எலும்பும் பாதிக்கப்படும். நீக்கும் வழிகளைப் பற்றிய ஆய்வுகள் ஏராளம். படிகாரமும் சுண்ணாம்பும், கிளர்வூட்டிய அலுமினா, எலும்புக்கரி, எதிர் சவ்வூடு பரவல், மின்திரளாக்கம், லாந்தனம் ஏற்றிய கைட்டோசான் மணிகள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும்.

புதிதாக எழுதுபவர் செய்வது ஆண்டுவாரியாகவோ ஆசிரியர்வாரியாகவோ அடுக்குவது. ஒருவர் இதைக் கண்டார், இன்னொருவர் அதைக் கண்டார் என்று பத்தி பத்தியாகப் போகும் அந்த நடை வாசிப்பவருக்கு எதையும் சொல்வதில்லை. ஜேன் வெப்ஸ்டரும் ரிச்சர்ட் வாட்சனும் 2002இல் எழுதிய கட்டுரையொன்றில் இதற்கு மாற்றாகக் கருத்து அட்டவணையை முன்வைத்தார்கள். ஒரு பக்கம் கட்டுரைகள், மறுபக்கம் கருத்துகள், சந்திக்கும் கட்டத்தில் ஒரு குறி. அட்டவணையை முதலில் கட்டுரைவாரியாக நிரப்பிவிட்டு, பிறகு கருத்துவாரியாகப் படித்தால் ஒவ்வொரு கருத்தும் ஒரு பகுதியாக எழும்பும். தகவல் அமைப்புத் துறைக்காகச் சொல்லப்பட்டது என்றாலும் எந்தத் துறைக்கும் பொருந்தும்.

ஆனால் எந்தக் கருத்துகள்? இங்கேதான் சுருக்கங்கள் ஏமாற்றுகின்றன. ஒவ்வொன்றும் தான் பயன்படுத்திய பொருளின் பெயரைத்தான் உரக்கச் சொல்லும். தேங்காய் ஓட்டுக் கரி, செம்புரைக்கல், சாம்பல், நுண்துகள் என்று அப்படியே பின்பற்றினால் பொருளடக்கம் பொருள்களின் பட்டியலாக முடியும், புதிய பொருள் வரும்போதெல்லாம் புதிய தலைப்பு வேண்டியிருக்கும். ஆகவே குவியலைப் புரட்டும்போதே ஒவ்வொரு சுருக்கத்துக்கும் ஒரு சிறு அட்டை போடுவது நல்லது. அதில் பொருளுடன் நிற்காமல் ஃப்ளூரைடு எப்படிப் பிடிபடுகிறது, எந்தப் பிஹெச் அளவில், சோதனைக்கு எடுத்தது காய்ச்சி வடித்த நீரா கிணற்று நீரா, குடுவையில் செய்ததா ஊரில் ஓடியதா, கடைசியில் என்ன கழிவு மிஞ்சியது என்பவற்றையும் தனித்தனி வரியில் குறிக்க வேண்டும். சுருக்கத்தில் இல்லாததை ஊகித்து நிரப்பாமல் ‘சொல்லவில்லை’ என்று எழுதுவது முக்கியம். பின்னால் அந்தக் குறிப்பே வேலைக்கு உதவும்.

இப்படிப் பல கோணங்களில் ஒரு பொருளைப் பிரித்துப் பார்ப்பதற்கு நூலகவியலில் ஒரு முன்னோடி இருக்கிறார். சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் வகைப்பாடு, ஒரு நூலைக் கிளைமரத்தின் ஒரே கிளையில் ஒட்டுவதற்குப் பதிலாக அதன் முகங்களைத் தனித்தனியே குறித்தது. மீளாய்வு எழுதுபவருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் நடைமுறையானது. முகங்கள் பல இருக்கலாம், ஆனால் பொருளடக்கத்தின் பகுதிகளாக வரக்கூடியது ஒன்றுதான். மற்றவை அட்டவணையின் பத்திகளாக ஒதுங்கும். எல்லா முகங்களையும் தலைப்பாக்க முயலும் கட்டுரையில் ஒரே ஆய்வு மூன்று இடங்களில் தலைகாட்டும்.

எந்த முகத்தைத் தேர்வது என்பதை வாசகரின் கேள்வி தீர்மானிக்கிறது. நிக்கர்சனும் இணையாசிரியர்களும் 2013இல் வகைப்பாடு உருவாக்குவதற்கு வகுத்த முறையிலும் முதல் படி, வகைப்பாடு யாருக்கு, எதற்கு என்று முடிவுசெய்து, பிற பண்புகள் எல்லாம் எதிலிருந்து கிளைக்க வேண்டுமோ அந்தத் தலைமைப் பண்பை நிறுவுவதுதான். நம் வாசகர் ஒரு வட்டாரத்துக் குடிநீர்த் திட்டத்தை வடிவமைக்கும் பொறியாளர் என்று கொள்வோம். அவருக்கு எந்த நீருக்கு எந்த முறை, பிறகு எதைக் கொண்டுபோய்க் கொட்டுவது என்ற இரண்டும் தெரிய வேண்டும். ஃப்ளூரைடு ஒரு தனிமத்தின் அயனி, சிதைந்து மறையாது. நீரை விட்டுப் போனால் வேறெங்கோ போயாக வேண்டும். எங்கே போகிறது என்று கேட்டால் வழிகள் மூன்றுதான்: சேறாகப் படியும், திண்மப் பொருளில் ஒட்டும், அல்லது செறிந்த கழிவுநீரில் சேரும். இந்த மூன்றும் பகுதிகளுக்கான நல்ல எலும்புக்கூடு.

இதன் பலம் தெரிய ஒரு சிக்கலான சுருக்கத்தை வைத்துப் பார்க்கலாம். அலுமினியத் தகடுகளை மின்வாய்களாக வைத்து மின்சாரம் பாய்ச்சி ஃப்ளூரைடை நீக்கும் மின்திரளாக்க ஆய்வு ஒன்று. மின்சாரம் என்ற சொல்லைப் பார்த்தவுடன் இதை மின்னாற்பகுப்புச் சவ்வு முறைகளின் பக்கத்தில் வைக்கத் தோன்றும். எத்தனையோ கட்டுரைகளில் ‘மின்வேதி முறைகள்’ என்ற தலைப்பின் கீழ் இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன. ஆனால் உள்ளே நடப்பது வேறு. நேர்மின்வாயில் அலுமினியம் கரைகிறது, நீரில் அலுமினியம் ஹைட்ராக்சைடு திரள்கிறது, ஃப்ளூரைடு அதில் சிக்கி அடியில் படிகிறது. நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறையிலும் படிகாரத்தையும் சுண்ணாம்பையும் போட்டு இதையேதான் செய்கிறார்கள். அலுமினியம் மூட்டையிலிருந்து வருகிறதா தகட்டிலிருந்து வருகிறதா என்பது மட்டுமே வேறுபாடு. இரண்டிலும் மிஞ்சுவது சேறு, இரண்டிலும் தெளிந்த நீரில் எஞ்சும் அலுமினியம் கவலைக்குரியது. ஆகவே இரண்டும் ஒரே பகுதியில், அடுத்தடுத்து. மின்னாற்பகுப்புச் சவ்வு எதிர் சவ்வூடு பரவலின் பக்கத்தில் போய் உட்காரும், ஏனென்றால் அங்கே மிஞ்சுவது செறிந்த கழிவுநீர்.

எலும்புக்கரி வேறொரு தொல்லை. அதிலுள்ள ஹைட்ராக்சிஅபடைட்டில் ஃப்ளூரைடு ஒட்டுவது பரப்புக் கவர்தலா, ஹைட்ராக்சைடு இடத்தில் நுழையும் அயனிப் பரிமாற்றமா என்று சுருக்கங்களே ஒத்துப்போவதில்லை. இந்த விவாதத்தை வகைப்பாட்டுக்குள் இழுத்துவிட்டால் பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ‘எங்கே போகிறது’ என்ற கேள்விக்கு மட்டும் விடை எளிது: திண்மத்தில். பரிமாற்றமா கவர்தலா என்பதைப் பகுதிக்குள் ஒரு பத்தியில் விவாதிக்கலாம்.

குழப்பமான ஆய்வுகளுக்கு எழுதிவைத்த விதி வேண்டும். படிகாரம் போட்டபின் சவ்வில் வடிகட்டும் கலப்பு முறை எங்கே? ஃப்ளூரைடின் பெரும்பகுதி முதலில் எங்கே பிடிபடுகிறதோ அங்கே என்று விதி இருந்தால் சேற்றுப் பகுதியில் அது சேரும். அலுமினாவைக் காரம் ஊற்றிப் புதுப்பிக்கும்போது ஃப்ளூரைடு மறுபடி நீருக்கு வருகிறதே என்றாலும் அதே விதி, முதலில் பிடித்தது திண்மம். விதியைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. இரண்டு பேர், ஒருவர் வேலையை மற்றவர் பார்க்காமல், அதே இருபது சுருக்கங்களைப் பெட்டிகளில் போட வேண்டும். எங்கே முரண்படுகிறார்களோ அங்கே விதி தெளிவில்லை. ஆட்களைக் குறை சொல்லாமல் விதியைத் திருத்தி மறுபடி போட வேண்டும்.

பெட்டிகள் தாமே சில எச்சரிக்கைகள் தரும். ‘பிற’ என்ற பெட்டி வீங்கிக்கொண்டே போனால் தலைமைப் பண்பு தவறு. ஒரு பெட்டியில் பாதிக் குவியலும் விழுந்தால் அது உடைக்கப்பட வேண்டும். ஃப்ளூரைடு குவியலில் திண்மப் பகுதிக்கு நிச்சயம் இது நேரும், அதனால் அதை மட்டும் அலுமினியம் சார்ந்தவை, கால்சியம் சார்ந்தவை, கரியும் தாவரக் கழிவும், அரிமண் தனிமங்கள் ஏற்றியவை என்று பொருள்வாரியாகப் பிரிக்கலாம். சேற்றுப் பகுதியை அலுமினியம் எப்படி வருகிறது என்றும், கழிவுநீர்ப் பகுதியைத் தள்ளுவது அழுத்தமா மின்சாரமா என்றும் பிரிக்கலாம். மூன்றுக்கும் ஒரே அளவுகோல் தேவையில்லை. ஒரு பகுதிக்குள் இரண்டு அளவுகோல்கள் கலப்பதுதான் கூடாது. வரிசையைப் பொறுத்தவரை, அலுமினியம் ஃப்ளூரைடைப் பிடிக்கும் வேதியியல் மற்ற பகுதிகளிலும் வருவதால் சேற்றுப் பகுதி முன்னால் நிற்பது நல்லது.

பிஹெச், உடனிருக்கும் அயனிகள், செலவு, கழிவை அகற்றுதல் ஆகியவை எல்லா முறைகளையும் குறுக்கே வெட்டுகின்றன. இவற்றை ஒவ்வொரு பகுதியிலும் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட, மூன்றுக்கும் பின்னால் ஒரு குறுக்குப் பகுதியாக வைத்து ஒப்பிடுவது மேல். அட்டைகளின் மற்ற வரிகள் அங்கே பயன்படும்.

அட்டைகளில் ‘சொல்லவில்லை’ அதிகம் விழும் இடங்களும் பொருளடக்கத்தை மாற்றும். ஒரு கிராம் பொருள் இத்தனை மில்லிகிராம் பிடித்தது என்ற எண் சுருக்கங்களில் கண்ணைப் பறிக்கும். அது பெரும்பாலும் ஃப்ளூரைடு மிகுந்த செயற்கைக் கரைசலில் கிடைத்த உச்ச அளவு. கிணற்று நீரில் ஃப்ளூரைடு லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான், கூடவே பைகார்பனேட்டும் காரத்தன்மையும் மிகுதி. இரண்டுமே அலுமினா போன்றவற்றின் பிடியைக் குறைக்கும். எந்த நீரில், எந்த அளவில் அளந்தது என்பது சுருக்கத்தில் இல்லையென்றால், அந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பகுதி எழுதவே கூடாது. முழுக் கட்டுரையைத் திறந்து நிபந்தனைகளைப் பார்த்தபின்தான் எழுதலாம்.

காலியான கட்டங்களுக்கும் இதே எச்சரிக்கை. அட்டவணையில் ‘கால்சியம் சார்ந்த திண்மம் – கிராமத்தில் ஓராண்டு ஓடியது’ என்ற கட்டம் வெறுமையாக இருந்தால், ஆய்வு இடைவெளி கண்டுவிட்டோம் என்று எழுத ஆசை வரும். எலும்புக்கரி வடிகட்டிகள் கென்யா, தான்சானியா போன்ற நாடுகளில் பயன்பாட்டில் இருந்திருக்கின்றன. தேடிய சொற்களில் எலும்புக்கரி என்ற பெயர் இல்லாததால்கூட அந்தச் சுருக்கங்கள் குவியலுக்குள் வராமல் போயிருக்கலாம். எனவே காலிக் கட்டத்தின் பெயரையே சொல்லாக வைத்து இன்னொரு முறை தேட வேண்டும். ஏதாவது கிடைத்தால் கட்டம் நிரம்பும். அப்போதும் கிடைக்கவில்லை என்றால், எந்தத் தரவுத்தளத்தில் எந்தச் சொற்களால் தேடினோம் என்பதைச் சேர்த்து அந்த இடைவெளியை எழுதலாம்.