நியூஜெர்சியில் காலை 10 மணின்னா காரைக்குடியில் எத்தனை மணி? - வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஆன்லைன் டியூஷன்... சித்தியின் அனுபவப் பாடம்!

2026 மார்ச் 8, ஞாயிற்றுக்கிழமை. இரவு 7.30 மணிக்கு காரைக்குடியில் என் சித்தி கோயில் பிராகாரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். அதே நேரம், நியூஜெர்சியில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் லேப்டாப் முன்னால் உட்கார்ந்துகொண்டு, ``மிஸ் ஏன் இன்னும் வரலை?'' என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டிருந்தான். சித்தி வழக்கம்போல 8.30 மணிக்கு லாகின் செய்தபோது அந்தப் பக்கம் யாருமே இல்லை. நீச்சல் வகுப்புக்குக் கிளம்பிவிட்டார்கள்.

சித்தியும் தாமதிக்கவில்லை, பையனும் அவசரப்படவில்லை. அன்று அதிகாலை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான் விஷயம்.

தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த சித்தி, வேலையை விட்ட பிறகு வீட்டிலிருந்தே ஆன்லைன் டியூஷன் எடுக்கிறார். நியூஜெர்சி, துபாய், சிங்கப்பூர் என ஊருக்கு ஒரு பிள்ளை. ``கணக்கு சொல்லித் தர்றதுல ஒரு பிரச்னையும் வரலைடா. கடிகாரமும் காசும்தான் என்னைப் படுத்தி எடுத்துச்சு'' என்கிறார். வீட்டிலிருந்தே இப்படித் தொடங்கலாம் என்று யோசிப்பவர்களுக்காக, அவர் பட்ட பாட்டை அப்படியே கேட்டு எழுதுகிறேன்.

பிள்ளையின் கடிகாரம்தான் கணக்கு

சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். இந்த இரண்டு ஊர்களிலும் வருடம் முழுக்க இதே வித்தியாசம்தான் என்பதால் தலைவலி இல்லை. துபாய்ப் பிள்ளைக்கு மாலை 6 மணி என்றால் நமக்கு 7.30.

அமெரிக்கா அப்படியில்லை. மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு அன்று கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போகும். நவம்பர் முதல் ஞாயிறு அன்று பழைய இடத்துக்குத் திரும்பும். நியூஜெர்சிக்கும் நமக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம். கோடையில் ஒன்பதரை. அதனால்தான் அங்கே காலை 10 மணி, மார்ச் 7 வரை நமக்கு இரவு 8.30 ஆக இருந்து, மறுநாள் 7.30 ஆகிவிட்டது. லண்டன் பிள்ளைகள் இருந்தால் இன்னொரு சிக்கல். அங்கே மாற்றம் வருவது மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில்.

இதை மனக்கணக்காகப் போட வேண்டாம் என்கிறார் சித்தி. இப்போது அவர் கூகுள் காலண்டரில் வகுப்பைப் பதியும்போது, நேரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் டைம்ஸோனை `Eastern Time - New York' என்று மாற்றி, `10 AM' என்று போட்டுவிடுகிறார். இந்திய நேரத்தை போன் காட்டிக்கொள்ளும். கடிகாரம் மாறினாலும் அதுவே திருத்திக்கொள்ளும். அதே பதிவில் பிள்ளையின் அம்மாவின் மெயிலையும் சேர்த்துவிட்டால், இரண்டு பக்கமும் ஒரே வகுப்பு அவரவர் ஊர் நேரத்தில் தெரியும்.

வார நாள்களில் அமெரிக்கப் பிள்ளை வேண்டுமென்று ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே இரவு 7 மணி என்பது, கோடையில் நமக்கு மறுநாள் அதிகாலை 4.30. சித்தி அதற்குக் கும்பிடு போட்டுவிட்டு ஞாயிறு மட்டும் எடுக்கிறார்.

500 ரூபாய் ஸ்டாண்டு போதும்

கருவிகளுக்கு அவர் பெரிதாகச் செலவழிக்கவில்லை. ஒரே ஒரு பிள்ளை என்றால் கூகுள் மீட் இலவசக் கணக்கே போதும். மூன்று பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்தால் ஒரு மணி நேரத்தில் நின்றுவிடும். ஜூம் இலவசக் கணக்கில் 40 நிமிடம்தான். துபாயில் வாட்ஸ்அப் வீடியோ காலை நம்பி உட்காராதீர்கள். அங்கே அது பொதுவாக வேலை செய்யாது.

கணக்குக்கு போர்டு வேண்டுமே? ஆன்லைனில் 500 ரூபாய்க்கு வாங்கிய ஸ்டாண்டில் போனைக் கவிழ்த்து மாட்டி, கீழே நோட்டு வைத்து எழுதுகிறார். லேப்டாப்பில் அவர் முகம், போனில் நோட்டு. அந்த போனும் இன்னொரு ஆளாக மீட்டிங்கில் சேர்ந்திருக்கும். அதில் மைக், ஸ்பீக்கர் இரண்டையும் அணைக்க மறந்தால் `கீ' என்ற சத்தத்தில் காது போய்விடும். முதல் வகுப்பில் சித்தி மறந்தார்.

கூச்சப்பட்டால் பணம் வராது

இனிதான் பெரிய கதை. நியூஜெர்சி அம்மா, சித்தியின் தோழிக்கு உறவு. அதனால், ``மெதுவா கொடுங்கம்மா'' என்று சித்தி சொல்லிவிட்டார். இரண்டு மாதம் ஓடியது. எட்டு வகுப்பு முடிந்தும் பணம் வரவில்லை. அந்தம்மா ஏமாற்றுகிறவர் இல்லை. எப்படி அனுப்புவதென்று அவருக்கும் தெரியவில்லை, கேட்க இவருக்கும் கூச்சம்.

கடைசியில் ஒரு மணி டிரான்ஸ்ஃபர் ஆப்பில் அனுப்பினார். எதற்காக அனுப்புகிறீர்கள் என்று ஆப் கேட்ட இடத்தில், `குடும்பச் செலவு' என்று தேர்ந்தெடுத்துவிட்டார். வருமான வரிக்காகப் பார்த்த ஆடிட்டர் அங்கேதான் விரலை வைத்தார். வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கெல்லாம் வங்கியில் ஒரு பர்பஸ் கோட் உண்டு. உறவினர்கள் குடும்பத்துக்கு அனுப்புவது `P1301'. கல்விச் சேவைக்கான கட்டணம் `P1107'. டியூஷன் ஃபீஸ் நம் வருமானம், அதற்கு வரிக்கணக்கு காட்ட வேண்டும். `வெளிநாட்டுப் பணம்தானே, வரி கிடையாது' என்று பலர் நினைப்பது தவறு. வெஸ்டர்ன் யூனியன் மாதிரி ரொக்கமாக வாங்கும் வழிகளும் குடும்பத்துக்கு அனுப்பும் பணத்துக்கானவைதான். ஃபீஸுக்கு அல்ல.

அடுத்த மாதம் நேரடி வங்கிப் பரிமாற்றம். ஒரு வகுப்புக்கு 10 டாலர், நான்கு வகுப்புக்கு 40 டாலர். கையில் வந்து சேர்ந்தது பாதிதான். வழியில் இருக்கும் வங்கிகள் தலைக்குக் கொஞ்சம் பிடித்துக்கொள்கின்றன. 40 அனுப்பினாலும் 400 அனுப்பினாலும் இந்தப் பிடித்தம் பெரிதாக மாறுவதில்லை.

அதனால் மாதாமாதம் வாங்குவதை நிறுத்திவிட்டார். இப்போது 12 வகுப்புகளுக்கு 120 டாலர், முன்பணம். அனுப்பும்போது கட்டணம் யாருடையது என்று கேட்கும் இடத்தில் `OUR' என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார். அப்படிச் செய்தால் கமிஷன் அனுப்புகிறவர் கணக்கில் போகும். அக்கவுன்ட் நம்பருடன் SWIFT கோடும் கொடுக்க வேண்டும். சின்ன கிளைகளுக்குத் தனியாக அந்தக் கோடு இருக்காது. எந்தக் கிளையின் கோடைத் தர வேண்டும் என்று வங்கியில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பணம் வந்ததும் வங்கி தரும் அத்தாட்சியை ஃபைலில் வையுங்கள். பேபால் வழியிலும் வாங்கலாம். ஆனால், ஒவ்வொரு முறையும் கமிஷன் உண்டு, டாலரை ரூபாயாக மாற்றும் விலையும் அவர்கள் வைப்பதுதான்.

துபாய் அப்பா இந்தச் சிக்கல் எதிலும் மாட்டவில்லை. அவருக்கு இங்கே NRE கணக்கு இருக்கிறது. துபாய் நம்பரிலேயே அதை யுபிஐ-யில் இணைத்து, நம்மைப்போலவே ரூபாயில் போட்டுவிடுகிறார். அமீரகம், சிங்கப்பூர், அமெரிக்கா உள்ளிட்ட சில நாடுகளின் நம்பர்களுக்கு இந்த வசதி இருக்கிறது. புதிதாக யார் கேட்டாலும் சித்தியின் முதல் கேள்வி, ``உங்களுக்கு NRE அக்கவுன்ட் இருக்கா?'' என்பதுதான்.

கூச்சத்துக்கும் வழி கண்டுபிடித்துவிட்டார். தேதி, நடத்திய பாடம், மீதி வகுப்பு மூன்றையும் ஒரு கூகுள் ஷீட்டில் எழுதி பெற்றோருக்கும் பகிர்ந்திருக்கிறார். 12 மணி நேரத்துக்கு முன்பே சொன்னால் வகுப்பு தள்ளிவைக்கப்படும், சொல்லாமல் வராவிட்டால் ஒன்று கழியும். மீதி இரண்டு ஆனதும் வாட்ஸ்அப்பில் இப்படிப் போகிறது: `வணக்கம்மா. இன்னும் 2 வகுப்பு மீதி இருக்கு. அடுத்த 12-க்கு இந்த வாரம் அனுப்பிட்டா, நேரத்தை உங்களுக்கே வெச்சிடுறேன்.'

``இதைக் கேட்கிறது நான் இல்லைடா, அந்த ஷீட்டுதான் கேட்குது'' என்று சிரிக்கிறார்.

மார்ச் 8 வகுப்பு? அதை அந்தப் பையனின் கணக்கில் கழிக்கவில்லை. கடிகாரம் மாறும் தேதியைத் தெரிந்துவைத்திருக்க வேண்டியது தான்தான் என்று சொல்லி, அடுத்த சனிக்கிழமை இலவசமாக எடுத்துக்கொடுத்தார். நவம்பர் 1-ம் தேதி, ஞாயிறு வகுப்பு மறுபடியும் 8.30-க்குப் போகிறது. அதுவரை ஏழரை மணிக்குக் கோயில் கிடையாது.