புகாருக்குக் காது, வசவுக்குக் கதவு

ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணி. முதலாளியும் நான்கு பணியாளர்களும் உள்ள ஒரு சின்ன ஜவுளிக்கடை என்று வைத்துக்கொள்வோம். பத்து நாளைக்கு முன் 850 ரூபாய்க்குச் சுடிதார் வாங்கிப்போனவர் பையோடு திரும்பி வருகிறார். முதல் சலவையிலேயே சிவப்புச் சாயம் இறங்கி, வெள்ளைத் துப்பட்டாவில் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கிறது. கவுன்ட்டரில் நிற்கும் செல்விக்கு வயது 22. "ஓனரைக் கேக்கணும் சார்" என்கிறார். வந்தவரின் குரல் ஏறுகிறது. "உன்கிட்டதானே வாங்கினேன்? ஊரை ஏமாத்திப் பிழைக்கிறீங்களா?" என்று தொடங்கியது, நொடியில் 'வாடி, போடி'யில் போய் நிற்கிறது. துணி பார்த்துக்கொண்டிருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

இந்த இடத்தில் நம் ஊர் முதலாளிகள் பலர் செய்வது ஒன்று உண்டு. கல்லாவிலிருந்து எழுந்து வந்து, "ஏன் செல்வி, சார்கிட்ட ஒழுங்கா பேசத் தெரியாதா?" என்று பணியாளரைக் கடிந்துகொள்வது. வந்தவரின் சூடு சட்டென்று தணியும். அதனால்தான் இது பழக்கமாகவே ஆகிவிட்டது. ஆனால் தன்னைத் திட்டியவர் முன்னாலேயே முதலாளியிடமும் திட்டு வாங்கிய பெண், அடுத்த முறை தகராறு வந்தால் முதலாளியைக் கூப்பிட மாட்டார். தனியாகச் சமாளிக்கப் பார்ப்பார், அல்லது வேறு கடைக்குப் போய்விடுவார். வாடிக்கையாளரும் இந்தக் கடையில் கத்தினால் காரியம் நடக்கும் என்று தெரிந்துகொண்டு போகிறார்.

முதலாளி முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியவை இரண்டு. வந்தவரிடம் ஒரு புகார் இருக்கிறது. அது நியாயமாகவே இருக்கலாம். அவர் வாயிலிருந்து ஒரு வசவும் வந்திருக்கிறது. அதற்கு எந்த நியாயமும் இல்லை. புகார் சரி என்பதற்காக வசவைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வசவு விழுந்தது என்பதற்காகப் புகாரைத் தள்ளிவிடவும் முடியாது.

புகாரைத் தள்ள முடியாது என்பதற்குச் சட்டக் காரணமும் இருக்கிறது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டிப் பேச்சை முடிக்கப் பார்ப்பது, சண்டையைப் பெரிதாக்கும் காரணங்களில் ஒன்று. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் காலம் குறிப்பிட்டிருந்தால் அந்தக் காலத்துக்குள்ளும், இல்லாவிட்டால் 30 நாளுக்குள்ளும் திரும்பப் பெற்றாக வேண்டும். நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்று வருவது வேறு. சாயம் இறங்கிய துணியோடு பத்தாம் நாள் வந்து நிற்பவர் தன் உரிமையைத்தான் கேட்கிறார்.

அப்படியானால் கல்லாவில் இருக்கும் முதலாளி என்ன செய்யலாம்? குரல் ஏறியதுமே எழுந்து வரவேண்டும். முதல் வேலை, செல்வியை அந்த இடத்திலிருந்து நகர்த்துவது. "நீ போ, நான் பாத்துக்கிறேன்" என்றால்கூட, தவறு செய்தவரை விலக்குவதுபோலத்தான் கேட்கும். "செல்வி, மாடியில இதே டிசைன் ஸ்டாக் இருக்கான்னு பாரும்மா" என்று ஒரு வேலை கொடுத்து அனுப்பினால் தலைகுனியாமல் போக முடியும். பிறகு வந்தவரிடம், "அண்ணே, நான்தான் கடைக்காரன். என்கிட்ட சொல்லுங்க. எப்ப வாங்கினீங்க?"

அந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். "அமைதியா இருங்க", "கத்தாதீங்க" என்பவை கோபத்தில் இருப்பவருக்குக் கட்டளையாகவே கேட்கும்; குரல் இன்னும் ஏறும். எப்போது வாங்கினீர்கள், எப்படித் துவைத்தீர்கள், வேறு துணியோடு சேர்த்து ஊறவைத்தீர்களா என்று கேட்டால் பதில் சொல்ல அவர் நினைவுபடுத்திப் பார்க்க வேண்டியிருக்கும். பதில்களை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வது நல்லது. எழுதும் வேகத்துக்குப் பேச்சும் மெதுவாகும்; தான் சொல்வது பதிவாகிறது என்ற எண்ணமும் அவருக்கு வரும். முதலாளியின் குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்து இருக்கட்டும். நேருக்கு நேர் மார்பு நிமிர்த்தி நிற்காமல், சற்றுப் பக்கவாட்டில், இரண்டு கை தூரம் விட்டு நிற்கலாம். முடிந்தால் மற்றவர்கள் பார்வையிலிருந்து விலகி, கடையின் ஓரத்து நாற்காலிக்கு அழைத்துப் போகலாம். சுற்றி ஆட்கள் வேடிக்கை பார்க்கும்போது யாருக்கும் இறங்கி வர மனம் வராது. ஆனால் உள் அறைக்குக் கூட்டிப் போகக் கூடாது. கேமராவும் மற்றவர் கண்ணும் படும் இடமாகவே இருக்க வேண்டும்.

துணியை அவர் முன்னாலேயே சோதிக்கலாம். ஒரு வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துச் சிவப்புப் பகுதியில் அழுத்தித் தேய்த்தால் சாயம் ஒட்டுகிறதா என்று இருவருக்குமே தெரிந்துவிடும். 'தனியாக அலசவும்' என்று லேபிளில் இருந்ததா, விற்கும்போது சொன்னோமா என்று பார்க்கலாம். இவ்வளவும் ஐந்து நிமிடத்தில் முடியக்கூடியவை.

பெரும்பாலான தகராறுகள் இந்தக் கட்டத்திலேயே அடங்கிவிடும். அடங்காதவற்றுக்கு ஒரு கோடு வேண்டும். "தரமில்லாத கடை", "இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்று கடையையும் சரக்கையும் திட்டுவதைக் கேட்டுக்கொள்ளலாம். பணியாளரின் உடல், ஒழுக்கம், சாதி, பிறப்பு பற்றிய பேச்சு, மிரட்டல், மேலே கை வைப்பது, பொருளை வீசி எறிவது, பெண்ணின் முகத்துக்கு நேராக போனை நீட்டி வீடியோ எடுப்பது ஆகியவை கோட்டைத் தாண்டியவை. தாண்டினால் ஒரே ஒரு முறை, தெளிவாகச் சொல்ல வேண்டும்: "துணியைப் பத்தி எவ்வளவு வேணும்னாலும் பேசுங்க, கேக்கறேன். எங்க பிள்ளையை இப்படிப் பேசினா இதுக்கு மேல பேச மாட்டேன்." இதைச் செல்வியின் காதில் விழும்படி சொல்வது நல்லது.

மறுபடியும் அதே பேச்சு வந்தால், "பேச்சு இதோட முடிஞ்சுது. பில்லைக் குடுத்துட்டுப் போங்க, நாளைக்குப் போன்ல முடிவு சொல்றேன். இப்போ கடையை விட்டுக் கிளம்புங்க" என்று சொல்லி நிறுத்த வேண்டும். கூச்சலின் உச்சத்தில் பணத்தை எடுத்து நீட்டக் கூடாது. கூச்சலுக்குக் கொடுத்த விலையாகிவிடும். புகார் நியாயமானால் மறுநாள் கட்டாயம் தீர்த்துவைக்க வேண்டும்.

இந்த நேரத்தில் கடைக்காரர்கள் செய்யும் தவறுகள் சில உண்டு. வாசலை மறித்து நிற்பது, அவர் போனைப் பிடுங்குவது, சட்டையைப் பிடித்து வெளியே தள்ளுவது, பக்கத்துக் கடைப் பையன்களைத் திரட்டிச் சூழ்ந்து நிற்பது. சூழப்பட்டவர் வெளியேற வழியில்லை என்று நினைத்தால் கை நீட்டுவார். பிறகு யார் முதலில் அடித்தது என்பதே வழக்காகிவிடும். வெளியே போகும் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். குடித்துவிட்டு வந்தவரிடம் விளக்கம் சொல்லிப் பயனில்லை. இரண்டு வாக்கியத்தோடு முடித்துக்கொண்டு உதவியைக் கூப்பிடுங்கள். கத்தியோ பாட்டிலோ கையில் இருந்தால் கல்லாப் பணத்தைக் காப்பாற்ற முயலாமல் எல்லோரும் விலகி, 112 அல்லது 100க்கு அழைக்க வேண்டும்.

காவல் நிலையத்துக்குப் போவது பெரிய காரியம் என்று பலர் தயங்குகிறார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், பெண்ணின் கண்ணியத்தை அவமதிக்கும் சொல்லும் சைகையும் 79ஆம் பிரிவிலும், மிரட்டல் 351ஆம் பிரிவிலும் குற்றங்கள். பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவரை, அச்சமூகங்களைச் சேராத ஒருவர் பொதுமக்கள் பார்வையில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும். புகார் கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். முதலாளிக்கும் கடமை உண்டு. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, பணியிடத்துக்கு வந்துபோகும் வெளியாட்களிடமிருந்தும் பாதுகாப்புத் தரவேண்டும் என்கிறது. பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் கடையென்றால், பாதிக்கப்பட்ட பெண் மாவட்டத்திலுள்ள உள்ளூர்க் குழுவிடம் புகார் செய்யலாம்.

சிசிடிவி பதிவை அன்று இரவே பென்டிரைவில் எடுத்துவையுங்கள். ஹார்ட் டிஸ்க் நிரம்பியதும் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். சின்னக் கடைகளில் அதற்குச் சில வாரங்களே ஆகும். பதிவில் காட்டும் மணி தவறாக இருந்தால் சரியான நேரத்தையும் எழுதிவையுங்கள்.

வந்தவர் போன பிறகு செல்வியை உடனே கவுன்ட்டரில் நிறுத்த வேண்டாம். கை நடுக்கமும் படபடப்பும் அடங்க நேரமாகும். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, "உன் மேல தப்பில்லைம்மா" என்று முதலில் சொல்ல வேண்டும். "நீ என்ன சொன்ன?" என்ற விசாரணை பிறகு வரட்டும். போலீஸில் புகார் கொடுப்பதா என்பதை அவரிடம் கேட்டு, அவர் விருப்பப்படி செய்யுங்கள். மிரட்டிவிட்டுப் போனவர் வெளியே நிற்கக்கூடும். அன்று பஸ் ஏறும்வரை ஒருவர் உடன் போக வேண்டும். மாற்றிக்கொடுத்த 850 ரூபாயைச் செல்வியின் சம்பளத்தில் பிடித்தால், இதுவரை செய்ததெல்லாம் வீணாகிவிடும்.

நடந்ததைத் திரும்பிப் பார்த்தால் தகராறு தொடங்கிய இடம் "ஓனரைக் கேக்கணும் சார்" என்ற பதில். செல்வியிடம் முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் திட்டு வாங்கும் இடத்தில் நிற்பது அவர்தான். "ஆயிரம் ரூபாய் வரைக்கும், பில் இருந்து சாயமோ தையலோ குறையா இருந்தா நீங்களே மாத்திக் குடுக்கலாம்" என்று முதலாளி முன்பே சொல்லியிருந்தால், அந்த மாலையில் சண்டைக்கே இடம் இருந்திருக்காது. இதோடு, உதவி வேண்டும்போது சொல்ல ஒரு வாக்கியத்தையும் பேசிவைத்துக்கொள்ளலாம். "அண்ணே, அந்த நீலக் கட்டு எங்க?" என்று கவுன்ட்டரிலிருந்து குரல் வந்தால், இருக்கும் வேலையை விட்டுவிட்டு ஒருவர் வந்து நிற்க வேண்டும். மூன்றாவதாக, முதலாளி இல்லாத நேரத்தில் வசவு எல்லை மீறினால் பேச்சை நிறுத்தி வெளியே போகச் சொல்லும் அதிகாரம் பணியாளருக்கே உண்டு. அதனால் போகும் வியாபாரத்துக்கு யாரும் கணக்குக் கேட்கப் போவதில்லை. நாளைக் காலை ஷட்டரைத் தூக்கியதும் இந்த மூன்றையும் எல்லோரையும் வைத்துக்கொண்டு சொல்லிவிடுங்கள். மாதம் ஒரு முறை, புதிதாக ஆள் சேரும்போது ஒரு முறை திரும்பச் சொல்லுங்கள். கால் மணி நேரம் போதும்.