முன்கூட்டியே மீட்கப்படும் கடன் பத்திரம்

வட்டி குறைந்தால் பத்திர விலை ஏறும். ஆனால் நிறுவனம் 102 ரூபாய் தந்து முன்கூட்டியே மீட்டுக்கொள்ளலாம் என்றால், அந்த ஏற்றம் அங்கேயே முட்டி நின்றுவிடும். எப்போது பணம் திரும்பும் என்பதே வட்டியைப் பொறுத்து மாறுவதால், வழக்கமான டியூரேஷன் சூத்திரம் இங்கே தவறிவிடும்.

அதனால் எல்லாத் தவணைகளின் வட்டியையும் ஒரே அளவு நகர்த்தி, வட்டி மரத்தைத் திரும்பக் கட்டி, மீட்பு உரிமையோடு புதிதாக விலை போடுகிறார்கள். ஆப்ஷன் நீக்கிய ஸ்ப்ரெட்டை மட்டும் மாற்றக் கூடாது.

ஒரு கணக்கு: இன்றைய விலை 100. அரை சதவீதம் குறைத்தால் 101.20, கூட்டினால் 98.

(101.20 − 98) ÷ (2 × 100 × 0.005) = 3.2

வட்டி ஒரு சதவீதம் மாறினால் விலை சுமார் 3.2 சதவீதம் மாறும் என்று பொருள். ஆனால் லாபம் 1.20, நஷ்டம் 2 என்பதை இந்த ஒற்றை எண் மறைத்துவிடுகிறது. வாங்குமுன் இரண்டு விலைகளையும் கேட்டுப் பாருங்கள்.