பிள்ளையின் தொடர் சிகிச்சைக்கு வேலை நேரத்தை மாற்றக் கேட்பது எப்படி?

தாலசீமியா உள்ள 9 வயதுப் பேரனுக்கு 4 வாரத்திற்கு ஒருமுறை இரத்தம் ஏற்றவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 13 முறை மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். ஆனால், 7 முதல் 12 வயது வரையுள்ள சிங்கப்பூர்க் குடிமக்களான பிள்ளைகளுக்காகப் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு ஆண்டுக்கு 2 நாட்கள்தான்.

எனவே, நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டைக் கேட்கலாம். தகுதிகாண் காலத்தை முடித்த ஊழியர் எவரும் கேட்கலாம். பேரனை அழைத்துச் செல்வது நீங்கள் என்றால், நீங்களும் உங்கள் முதலாளியிடம் கேட்கலாம்.

எழுத்து மூலம் கேளுங்கள். தேதி, காரணம், தேவைப்படும் மாற்றம், தொடங்கும் நாள், முடியும் நாள் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். “அடிக்கடி விடுப்பு வேண்டும்” என்று எழுதாதீர்கள். “4 வாரத்திற்கு ஒரு செவ்வாய்க்கிழமை வரமாட்டேன், அதற்குப் பதிலாக அந்த வாரச் சனிக்கிழமை வேலை செய்வேன்” என்று எழுதுங்கள். மருத்துவமனைச் சந்திப்பு அட்டையின் நகலை இணைப்பது நல்லது.

முதலாளி 2 மாதத்திற்குள் எழுத்து மூலம் பதில் தரவேண்டும். அவர் மறுக்கலாம்; ஆனால் வேலை சார்ந்த காரணத்தைச் சொல்லவேண்டும். அப்போது வேறு நாள் அல்லது தாமதமாக வேலை தொடங்குவது பற்றிப் பேசிப் பாருங்கள். பதிலே வராவிட்டால், தொழிற்சங்கத்தின் உதவியை நாடுங்கள்.