மஞ்சளுக்குப் பின்னால் மறையும் ஊதா

சுடர் சோதனை செய்யும் மாணவர்கள் அதிகம் பார்க்கும் நிறம் மஞ்சள்தான். ஆசிரியர் கொடுத்தது கால்சியம் உப்பாக இருந்தாலும் பேரியம் உப்பாக இருந்தாலும், முதலில் குப்பென்று ஒரு மஞ்சள் எழும்பும். உடனே நோட்டில் ‘சோடியம்’ என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. அப்படி எழுதியது பெரும்பாலும் பொய்யும் அல்ல. அங்கே சோடியம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது வந்தது உப்பிலிருந்தா, கம்பியிலிருந்தா, தொட்ட விரலின் வியர்வையிலிருந்தா என்பதுதான் கேள்வி.

சோதனை எளிமையானது. சிட்டிகை உப்பை வாட்ச் கிளாஸில் வைத்து, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒன்றிரண்டு சொட்டு விட்டுக் களிம்பாகக் குழைக்க வேண்டும். அமிலத்தின் புகை மூக்கை எரிக்கும் என்பதால் ஜன்னல் திறந்திருப்பதும், கண்ணாடி அணிந்திருப்பதும் அவசியம். களிம்பில் கொஞ்சத்தைக் கம்பி முனையில் எடுத்து, பன்சன் பர்னரின் ஒளிராத நீலச் சுடரில் ஓரமாகக் காட்ட வேண்டும். அமிலம் எதற்கு? பெரும்பாலான உலோகங்களின் குளோரைடுகள், சல்பேட்டுகளையும் கார்பனேட்டுகளையும் விட எளிதில் ஆவியாகும். ஆவியாகிச் சுடருக்குள் போனால்தான் நிறம் வரும். கம்பியிலேயே கட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும் உப்பு எவ்வளவு சுட்டாலும் எதையும் சொல்லாது.

சுடருக்குள் போன சோடியம் அணுவுக்கு அந்த வெப்பத்தில் கூடுதல் ஆற்றல் கிடைக்கிறது. அதன் வெளிவட்ட எலக்ட்ரான் மேல்நிலைக்குப் போகிறது, அடுத்த கணமே பழைய நிலைக்குத் திரும்புகிறது. திரும்பும்போது அந்த இடைவெளிக்குச் சமமான ஆற்றலை ஒளியாக விடுகிறது. இடைவெளி உலோகத்துக்கு உலோகம் வேறு. அதனால்தான் சுடரின் நிறம் உலோகத்தைக் காட்டிக்கொடுக்கிறது. உப்பின் மறுபாதியைப் பற்றி அது பேசாது. சமையல் உப்பும் சலவைச் சோடாவும் சுடரில் ஒரே மஞ்சள்தான்.

கால்சியத்தின் செங்கல் சிவப்பும் பேரியத்தின் ஆப்பிள் பச்சையும் சற்று வேறு வகை. அங்கே ஒளிர்வது பெரும்பாலும் தனி அணு அல்ல. சுடருக்குள் உருவாகிக் கணநேரம் மட்டும் வாழும் ஹைட்ராக்சைடு, குளோரைடு மூலக்கூறுகள். பேரியம் உப்புகள் மெதுவாகவே ஆவியாகும் என்பதால் பச்சை வரத் தாமதமாகும். மஞ்சளைப் பார்த்ததும் கம்பியை எடுத்துவிடுகிற அவசரக்காரருக்குப் பேரியம் அகப்படாது.

உண்மையான சிக்கல் பொட்டாசியத்தில்தான் இருக்கிறது. உரக்கடையில் விற்கும் பொட்டாஷ் உரத்தை எடுத்துக்கொள்வோம். அது பொட்டாசியம் குளோரைடு. இரும்பு ஆக்சைடு கலந்திருப்பதால் பல மூட்டைகளில் செந்நிறமாக இருக்கும். இயற்கையாகவே சிறிதளவு சாதாரண உப்பும் அதில் சேர்ந்திருக்கும். புத்தகப்படி பொட்டாசியத்தின் சுடர் இளம் ஊதா. நம் கண்ணுக்குத் தெரிவதோ மஞ்சள். கூர்ந்து பார்த்தால் சுடரின் ஓரத்தில் மட்டும் மங்கலாக ஒரு ஊதா தட்டுப்படலாம்.

உரத்தில் பெரும்பகுதி பொட்டாசியம், சோடியம் கொஞ்சம்தான். பிறகு ஏன் இப்படி? காரணத்தில் பாதி நம் கண்ணில் இருக்கிறது. சோடியத்தின் ஒளி கிட்டத்தட்ட முழுவதும் 589 நானோமீட்டர் அலைநீளத்தில் வருகிறது. அது நம் கண் நன்றாக உணரும் பகுதி. பொட்டாசியம் தன் ஒளியில் பெரும்பங்கை 767, 770 நானோமீட்டரில், சிவப்பின் கடைசி விளிம்பில் விடுகிறது. அங்கே கண் ஏறக்குறையக் குருடு. இன்னொரு சிறு பங்கு 404 நானோமீட்டரில், ஊதாவின் விளிம்பில் வருகிறது. அங்கேயும் பார்வை மந்தம்தான். இந்த இரண்டு விளிம்புகளும் கலந்து கிடைப்பதுதான் நாம் பார்க்கும் இளம் ஊதா. தவிலுக்குப் பக்கத்தில் வாசிக்கும் புல்லாங்குழல்போல, அது இருந்தும் கேட்காமல் போகிறது.

இதற்கு வழி கோபால்ட் நீலக் கண்ணாடி. கோபால்ட் கலந்த கண்ணாடி மஞ்சளை விழுங்கிவிடும். நீலத்தையும் கடைக்கோடிச் சிவப்பையும் விட்டுவிடும். ஒரு தகடு போதாவிட்டால் இரண்டைச் சேர்த்துப் பிடித்துப் பார்க்கலாம். வெறும் சமையல் உப்பைச் சுடரில் காட்டினால் நீலக் கண்ணாடி வழியே சுடர் நிறம் மாறியதாகவே தெரியாது. பொட்டாஷைக் காட்டினால் செவ்வூதா நிறம் பளிச்சென்று எழும்பும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பழுக்கக் காய்ந்த கம்பியும் நீலக் கண்ணாடி வழியே செவ்வூதாவாகத்தான் தெரியும். எனவே பார்வை கம்பியின்மேல் அல்லாமல், அதற்குமேல் எழும் சுடரின்மேல் இருக்க வேண்டும். உப்பு வைக்காத சுத்தமான கம்பியை முதலில் ஒருமுறை பார்த்துவைத்துக்கொண்டால் ஏமாற வேண்டியிருக்காது.

அந்தச் சுத்தமான கம்பிக்குத்தான் பாடுபட வேண்டும். பிளாட்டினக் கம்பி விலை அதிகம். நிக்ரோம் கம்பியே போதும். அடர் அமிலத்தில் தோய்த்துச் சுடரில் காட்டி, மறுபடி தோய்த்துக் காட்டி, சுடர் நிறம் மாறாத வரை இதைத் தொடர வேண்டும். கம்பி கிடைக்காத இடங்களில் கண்ணாடிக் குச்சியின் முனையைப் பயன்படுத்துகிறார்கள். சாதாரணக் கண்ணாடியிலேயே சோடியம் இருக்கிறது என்பதால், குச்சி நன்கு சூடேறியதும் அதுவே மஞ்சளைத் தந்துவிடும். செம்பின் நீலப்பச்சையைப் பார்க்க அது பரவாயில்லை. பொட்டாசியத்துக்கு உதவாது என்பது என் கருத்து.

எத்தனை சிறிய அளவுச் சோடியம் இந்த வேலையைச் செய்யும்? ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் ராபர்ட் பன்சனும் குஸ்டாவ் கிர்ச்சாஃபும் இதை அளந்து 1860இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 60 கன மீட்டர் கொள்ளளவுள்ள அறையின் ஒரு மூலையில் வெறும் 3 மில்லிகிராம் சோடியம் குளோரேட்டைப் பால்சர்க்கரையோடு கலந்து வெடிக்க வைத்தார்கள். சுடர் இருந்தது அறையின் மறுகோடியில். சில நிமிடங்களில் அது மஞ்சளானது. சோடியத்தின் கோடு நிறமாலையில் பளிச்சென்று தெரிந்தது. ஒரு மில்லிகிராமில் 30 லட்சத்தில் ஒரு பங்குச் சோடியம் போதும் என்று கணக்கிட்டார்கள். ஆகவே மஞ்சள் வந்தால் சோடியம் இருக்கிறது என்று மட்டுமே சொல்லலாம். எவ்வளவு என்றோ, வேறு எதுவும் இல்லை என்றோ சொல்ல முடியாது. அளவை ஓரளவு காட்டுவது நேரம்தான். தூசியாக ஒட்டிய சோடியத்தின் மஞ்சள் சட்டென்று தோன்றி மறையும். சோடியம் உப்பு என்றால் நின்று எரியும்.

நிறம் வராவிட்டாலும் அவசரப்பட்டு முடிவுக்கு வரக்கூடாது. மெக்னீசியம் உப்பு சுடரில் நிறம் எதுவும் காட்டாது. அதன் முக்கியமான ஒளி 285 நானோமீட்டரில், கண்ணுக்கு எட்டாத புறஊதாவில் இருக்கிறது. இத்தகைய உலோகங்களைக் கண்டுபிடிக்கக் கரைசல் சோதனைகளுக்குத்தான் போக வேண்டும்.

கலவை உப்பில் கண்ணும் நீலக் கண்ணாடியும் ஓரளவுக்குத்தான் உதவும். சுடரின் ஒளியை முப்பட்டகத்தின் வழியே பிரித்தால் ஒவ்வொரு உலோகமும் தன் கோடுகளைத் தன் இடத்தில் போடும். மஞ்சள் எவ்வளவு பலமாக இருந்தாலும் அது தன் இடத்தை விட்டு நகர்ந்து மற்றதை மூடாது. டுர்க்ஹைம் ஊற்றின் கனிம நீரை வற்றவைத்து எடுத்த உப்பை 1860இல் அப்படிப் பார்த்தபோது, தெரிந்த எந்த உலோகத்துக்கும் பொருந்தாத இரண்டு நீலக் கோடுகள் அவர்களுக்குக் கிடைத்தன. அந்தப் புதிய உலோகம் சீசியம். அதன் உப்பைச் சில கிராம் சேர்க்கப் பன்சன் சுமார் 44,000 லிட்டர் ஊற்றுநீரை வற்றவைக்க வேண்டியிருந்தது.