கடைசி வாங்கு உருவாகும் விதம்

கல்வி உளவியல் வினாத்தாளில் ஆசிரியர் எதிர்பார்ப்பு பற்றிக் கேட்டால், ஆசிரிய பயிலுநர்களில் பலர் ஒரே விடையைத்தான் எழுதுகிறார்கள். ரோசென்தால், ஜேக்கப்சன், 1968, பிக்மேலியன் விளைவு. நல்லதை எதிர்பார்த்தால் பிள்ளை நன்றாகப் படிக்கும். புள்ளி கிடைத்துவிடும். ஆனால் பூணாகலைப் பக்கமோ நாயபெத்தைப் பக்கமோ ஒரு தோட்டப் பாடசாலைக்கு நியமனம் பெற்றுப் போனால் அந்த விடை கைகொடுக்காது. எதிர்பார்ப்பு ஆசிரியரின் மனத்துக்குள் இருப்பது. அது எந்த வழியாகப் பிள்ளையின் கொப்பி வரைக்கும் போய்ச் சேர்கிறது என்பதல்லவா கேள்வி?

சுய நிறைவேற்ற எதிர்வுகூறல் என்ற கருத்தை 1948இல் விளக்கியவர் சமூகவியலாளர் ராபர்ட் மேர்ட்டன். அவர் காட்டிய உதாரணம் ஒரு வங்கி. வங்கி திடமாகத்தான் இருக்கிறது. அது முறியப் போகிறதென்று யாரோ கதை கட்டிவிட, எல்லாரும் ஓடிப்போய்க் காசை எடுக்க, வங்கி உண்மையிலேயே முறிந்துபோகிறது. தொடக்கத்தில் அந்த நம்பிக்கை பொய்யாக இருந்தது என்பதுதான் இதில் முக்கியம். ஒரு பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது என்று ஆசிரியர் நினைக்கிறார், பிள்ளைக்கும் உண்மையில் வாசிக்கத் தெரியாது என்றால் அது வெறும் சரியான கணிப்பு.

ஜேக்கப்சன் கலிபோர்னியாவில் ஓர் ஆரம்பப் பாடசாலையின் அதிபர். ரோசென்தால் ஹார்வர்ட் உளவியலாளர். பிள்ளைகளுக்கு ஒரு சோதனை வைத்து, இன்னின்ன பிள்ளைகள் இந்த ஆண்டில் சட்டென்று முன்னேறுவார்கள் என்று ஒரு பெயர்ப் பட்டியலை ஆசிரியர்களிடம் கொடுத்தார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளின் பெயர்கள் அதில் இருந்தன. எல்லாம் குருட்டுவாக்கில் பொறுக்கியவை. எட்டு மாதங்களின் பின் மறுபடி சோதித்தபோது, முதலாம் வகுப்பில் பட்டியல் பிள்ளைகளின் நுண்ணறிவு ஈவு சராசரியாக 27 புள்ளி கூடியிருந்தது, மற்றவர்களுக்கு 12. இரண்டாம் வகுப்பில் 16.5, 7. மூன்றாம் வகுப்புக்கு மேல் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் விடைத்தாள்களில் காண முடிவதில்லை. சின்னப் பிள்ளைகளை அளக்க அந்தச் சோதனையே பொருத்தமற்றது என்று உளவியலாளர் தோர்ண்டைக் அப்போதே கடுமையாக எழுதினார். 1984இல் ரோடன்புஷ் இதே மாதிரியான 18 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது ஒரு விடயம் தெளிவானது. பட்டியலைக் கேள்விப்படும்போது ஆசிரியருக்குப் பிள்ளைகளுடன் பழக்கம் இரண்டு வாரத்துக்கு உட்பட்டிருந்தால் விளைவு தெரிந்தது. அதற்கு மேல் பழகியிருந்தால் பட்டியல் எடுபடவில்லை. பிள்ளையை நேரில் அறிந்த ஆசிரியர் ஊர்க்கதையை நம்புவதில்லை. ஆகவே தவணையின் முதல் இரண்டு வாரமும், அப்போது ஆசிரியர் ஓய்வறையில் காதில் விழும் பேச்சும்தான் ஆபத்தானவை.

கற்பனையாக ஒரு மூன்றாம் தரத்தை எடுத்துக்கொள்வோம். புது டீச்சர் வந்திருக்கிறார். போன வருட டீச்சர் அக்கறையோடு சொல்கிறார்: “அந்தக் கடைசி வாங்குப் பிள்ளைங்களோட ரொம்பக் கஷ்டப்படாதீங்க டீச்சர். மேல் டிவிசன் லயத்துப் பிள்ளைங்க. வீட்டுல சொல்லிக்கொடுக்க ஆளில்ல, பாவம்.” அந்த வாங்கில் ஒருத்தி ரம்யா. அம்மா விடியவே கொழுந்துக்குப் போய்விடுவதால் தம்பியைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு வருகிறாள். அதனால் தினமும் பிந்துகிறாள். பிந்தி வருவது டீச்சர் கேட்ட கதைக்குச் சாட்சியாகிவிடுகிறது.

முப்பத்தாறை நாலால் வகுத்தால் எத்தனை என்று டீச்சர் கேட்கிறார். முன்வாங்கில் கிளாக்கர் வீட்டுப் பையன் தடுமாறினால், “நாலாம் வாய்ப்பாடு சொல்லிப் பாருங்க” என்று ஒரு துப்பைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். ரம்யா தடுமாறினால், “சரி உட்காருங்க, வேற யாரு?” என்று நகர்ந்துவிடுகிறார். கோபமில்லை, எல்லார் முன்னாலும் பிள்ளை கூசக்கூடாதே என்ற இரக்கம்தான். பிரொபியும் குட்டும் 1970இல் நான்கு முதலாம் வகுப்புகளில் உட்கார்ந்து குறித்தது இதைத்தான். கெட்டிக்காரர் என்று நம்பிய பிள்ளை பிழைவிட்டால் ஆசிரியர் கேள்வியைத் திருப்பிக் கேட்டார், துப்புக் கொடுத்தார். மற்றப் பிள்ளையிடமிருந்து அடுத்தவருக்குப் போய்விட்டார். அந்தப் பிள்ளை சரியாகச் சொன்னபோதும் பாராட்டு குறைவாகவே வந்தது. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் பொதுவாக ஒரு நொடியளவுதான் காத்திருக்கிறார்கள் என்றும், கெட்டிக்காரருக்கு அதைக் கொஞ்சம் நீட்டுகிறார்கள் என்றும் மேரி பட் ரோவ் அளந்து காட்டினார். மூன்று நொடிக்குக் கூட்டியபோது, மந்தம் என்று கருதப்பட்ட பிள்ளைகளும் வாய் திறந்தார்கள்.

பிறகு வேலை. முன்வாங்குக்கு வசனக் கணக்கு. கடைசி வாங்குக்குப் பலகையைப் பார்த்து எழுதுதல். தவணைப் பரீட்சையில் வருவது வசனக் கணக்கு. ரம்யாவுக்கு 22 புள்ளி. “அவங்க அப்பவே சொன்னாங்க” என்கிறார் டீச்சர். அந்த 22 பொய்யில்லை, அவளுக்கு உண்மையாகவே தெரியாது. தெரியாமல் போனதில் தன் பங்கு என்னவென்று பார்க்கத்தான் அவருக்கு இனி வழியில்லை. வருட முடிவில் இதே கதையை அடுத்த டீச்சரிடம் அவரே கைமாற்றுவார், இந்த முறை புள்ளிச் சான்றோடு.

இதைச் சொன்னால், இப்போது படிப்பிப்பவர்களில் பலர் தோட்டத்தில் பிறந்தவர்கள்தானே, அவர்களுக்கு அந்த எண்ணம் வருமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தோட்டப் பாடசாலைகளை 1977 முதல் அரசு பொறுப்பேற்றதற்குப் பின் வந்த நல்ல மாற்றங்களில் அதுவும் ஒன்று. ஆனால் ரெமா ஹன்னாவும் லீ லிண்டனும் இந்தியாவில் செய்த ஆய்வு இங்கே இடிக்கிறது. பிள்ளைகளின் விடைத்தாள்களுக்குச் சாதி, பால், வயது ஆகியவற்றை மாற்றி மாற்றி எழுதிய முகப்பை ஒட்டி ஆசிரியர்களைத் திருத்த வைத்தார்கள். தாழ்த்தப்பட்ட சாதி என்று எழுதிய தாளுக்குப் புள்ளி கொஞ்சம் குறைந்தது. அப்படிக் குறைத்தவர்கள் அதே பிரிவைச் சேர்ந்த ஆசிரியர்கள். லயத்தில் பிறந்து படித்து மேலே வந்த ஒருவர், தான் ஒரு விதிவிலக்கு என்று நினைத்துக்கொண்டால் இங்கும் அது நடக்கலாம் என்பது என் ஊகம்.

அதற்காக எல்லாப் பழியையும் ஆசிரியர் தலையில் போடவும் முடியாது. ஜஸிமும் ஹார்பரும் 2005இல் முப்பத்தைந்து ஆண்டு ஆய்வுகளை அலசிச் சொன்னார்கள்: ஆசிரியரின் கணிப்பு பலிப்பது பெரும்பாலும் அது சரியாக இருப்பதால்தான், சுய நிறைவேற்றத்தின் பங்கு பொதுவாகச் சிறியது. ஆனால் சமூகம் ஏற்கெனவே முத்திரை குத்திய பிள்ளைகளிடம் அது பெரிதாகலாம். கணித ஆசிரியரே இல்லாத பாடசாலையில் எதிர்பார்ப்பைப் பற்றிப் பேசுவது வேடிக்கை. ஆசிரியர் இருக்கும் வகுப்பில் பேசலாம்.

எது கணிப்பு, எது தானே உண்டாக்கியது என்று பிரித்தறிய, கற்பித்தல் பயிற்சியின்போது ஒரு எளிய வேலை செய்யலாம். பாடம் தொடங்குமுன் ஐந்து கெட்டிக்காரர், ஐந்து மெல்லக் கற்போர் என்று பெயர்களை எழுதி மடித்து வையுங்கள். சக பயிலுநர் ஒருவர் பின்னால் இருந்து வகுப்பின் இருக்கைப் படத்தில் குறிக்கட்டும்: யாரிடம் கேட்டீர்கள், எத்தனை நொடி பொறுத்தீர்கள், பிழையான விடைக்குப் பின் என்ன செய்தீர்கள். பாடம் முடிந்ததும் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு கூட்டத்துக்கும் கேள்வியும் நொடியும் துப்பும் ஒரே அளவில் கிடைத்தும் ஒருவர் பின்தங்கினால் உங்கள் கணிப்பை நம்பலாம். கிடைக்காவிட்டால் அந்தப் பட்டியலுக்கு இன்னும் ஆதாரமே இல்லை. தவணைத் தாளைப் பெயரை மடித்து மறைத்துத் திருத்துவதும் நல்லது.

ரோசென்தாலின் புத்தகத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. பட்டியலில் பெயர் இல்லாமலே முன்னேறிய பிள்ளைகளை, அதிலும் மெதுவான பிரிவில் இருந்தவர்களை, ஆசிரியர்கள் விரும்பிப் பார்க்கவில்லை. குணத்திலும் ஆர்வத்திலும் குறைத்தே மதிப்பிட்டார்கள். அடுத்த தவணையில் ரம்யா எப்படியோ 70 எடுத்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளைக் கையில் கொடுக்கும்போது டீச்சர் கேட்கக்கூடிய முதல் கேள்வி: “யாரப் பார்த்து எழுதினீங்க?”