பொதுச் சர்வரில் விழுந்த பச்சை

"என்விரான்மென்ட் மறுபடியும் டவுன். உடனே பார்க்கவும்." கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் டெஸ்டராக இருப்பவர் யாராயினும், அவர் அனுப்பிய மின்னஞ்சல்களில் இந்த வரி ஒருமுறையாவது இருக்கும். இன்ஃப்ரா குழுவிலிருந்து வரும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "இப்போது சரியாகிவிட்டது, பாருங்கள்." டிக்கெட் மூடப்படும். மறுநாள் அதே கதை நடக்கும். ஆனால் சர்வர் விழுந்து கிடக்கும் நேரத்தைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. விழுந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். எழுந்து நின்று தவறான பதிலைத் தரும் நேரம்தான் ஆபத்தானது.

நான்கு குழுக்கள் ஒரே சோதனைச் சூழலைப் பகிர்ந்துகொள்வதாக வைத்துக்கொள்வோம். பணம் செலுத்தும் பகுதியை நீங்கள் சோதிக்கிறீர்கள். பேமென்ட் கேட்வேயிலிருந்து முப்பது நொடிக்குள் பதில் வராவிட்டால் பரிவர்த்தனை ரத்தாக வேண்டும், பிடித்த பணம் வாடிக்கையாளருக்குத் திரும்ப வேண்டும். உண்மையான கேட்வேக்குப் பதிலாக அங்கே இருப்பது ஒரு போலி. அன்று மதியம் வேறொரு குழுவுக்கு வாடிக்கையாளர் முன்னிலையில் டெமோ. நடுவே எதுவும் சொதப்பக்கூடாது என்று அவர்கள் அந்தப் போலியை எப்போதும் உடனடியாக "வெற்றி" என்றே பதில் தரும்படி மாற்றி வைக்கிறார்கள். டெமோ முடிகிறது. திருப்பி மாற்ற யாருக்கும் நினைவில்லை.

அன்றிரவு உங்கள் ரிக்ரெஷன் ஓடுகிறது. தாமதமே நேராததால் ரத்து செய்யும் குறியீடு ஒருமுறைகூட ஓடவில்லை. 'பரிவர்த்தனை சிக்கிக்கொள்ளவில்லை, கணக்கில் பணம் குறையவில்லை' என்று மட்டும் சரிபார்க்கும் டெஸ்ட் கேஸ் பச்சையாகிவிடும். சிவப்பு விழுந்திருந்தால் யாராவது தோண்டிப் பார்த்திருப்பார்கள். பச்சையை யாரும் தோண்டுவதில்லை. அது அப்படியே அறிக்கைக்குப் போகிறது, அறிக்கை வெளியீட்டுக் கூட்டத்துக்குப் போகிறது.

இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஓட்டம் தொடங்கும் முன்பும் முடிந்த பிறகும் எந்தச் சேவையில் எந்த பில்டு இருக்கிறது, அமைப்புக் கோப்புகள் மாறியிருக்கின்றனவா என்று பதிவு செய்து ஒப்பிட்டால் போதும். குபர்நெட்டஸில் ஓடும் சூழலுக்கு இரண்டே வரி:

```
kubectl -n sit get deploy -o custom-columns='NAME:.metadata.name,IMAGE:.spec.template.spec.containers[*].image'
kubectl -n sit get configmap -o yaml | sha256sum
```

முன்னும் பின்னும் கிடைத்த விடைகள் வேறாக இருந்தால் அந்த ஓட்டம் செல்லாது. இதில் ஓர் ஓட்டை உண்டு. இமேஜின் பெயருக்குப் பின்னால் பதிப்பு எண் இல்லாமல் `latest` என்று மட்டும் இருந்தால், உள்ளே பில்டு மாறியிருந்தாலும் முதல் வரி மாற்றத்தைக் காட்டாது. தரவுத்தளத்தில் யாராவது வரிசைகளை அழித்திருந்தால் அதுவும் இதில் தெரியாது. ஆனாலும் இரண்டு வாரம் இப்படிப் பதிவு செய்து, ஓடியவற்றில் எத்தனை செல்லாமல் போயின என்று எண்ணிப் பாருங்கள். தனிச் சூழல் கேட்டு எழுதும் மின்னஞ்சலுக்கு அதைவிட வலுவான காரணம் கிடையாது. "அடிக்கடி பிரச்சினை" என்ற சொல்லுக்கு இன்ஃப்ரா குழுவிடம் பதில் இருக்கிறது. தேதியும் நேரமும் கொண்ட பட்டியலுக்கு இல்லை.

சோதனையில் ஒருமுறைகூட ஓடாத குறியீட்டைப் பற்றித் திருவனந்தபுரத்தில் சொல்லும்போது தும்பாவை நினைக்காமல் இருக்க முடியாது. அங்குள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் உருவாக்கிய பி.எஸ்.எல்.வி. ராக்கெட் 1993 செப்டம்பர் 20 அன்று முதன்முதலாகப் பறந்தபோது ஐ.ஆர்.எஸ்.-1இ செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்க்க முடியாமல் தோற்றது. இரண்டாம் நிலை பிரியும்போது எதிர்பாராத குலுக்கல் ஏற்பட்டது. அதைச் சமாளிக்க எழுந்த கட்டளை தன் உச்ச வரம்பைத் தாண்டியபோது, கட்டுப்பாட்டு மென்பொருளில் இருந்த ஒரு நிரல்பிழை வெளிப்பட்டது. வரம்புக்குள் இருக்கும்வரை அந்தப் பிழை இருப்பதே தெரியாது. அடுத்த பி.எஸ்.எல்.வி. 1994 அக்டோபர் 15 அன்று வென்றது. அந்த வரம்பைத் தாண்ட வைக்காத எந்தச் சோதனையும் அந்தப் பிழையைப் பிடித்திருக்க முடியாது.

வங்கி உலகில் நடந்தது இன்னும் நெருக்கமான பாடம். பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கியை ஸ்பெயினின் சபதெல் வங்கி 2015-இல் வாங்கியது. பழைய உரிமையாளரான லாய்ட்ஸின் கணினி அமைப்பிலிருந்து தன் துணை நிறுவனமான சாபிஸ் கட்டிய புதிய அமைப்புக்கு 52 லட்சம் வாடிக்கையாளர்களை மாற்றத் திட்டமிட்டது. 2017 நவம்பரில் நடக்க வேண்டியது தள்ளிப்போய், 2018 ஏப்ரல் 20 வெள்ளிக்கிழமை தொடங்கிய வார இறுதியில் நடந்தது. தரவு ஒழுங்காகவே போய்ச் சேர்ந்தது. சேர்ந்த இடத்தில்தான் சேவைகள் தடுமாறின. 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் வெளியே நின்றார்கள். வங்கி வழக்க நிலைக்குத் திரும்ப அந்த ஆண்டு டிசம்பர் ஆகிவிட்டது.

ஸ்லாட்டர் அண்ட் மே என்ற சட்ட நிறுவனம் விசாரித்து 2019 நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. புதிய அமைப்புக்கு இரண்டு டேட்டா சென்டர்கள், நேரலையில் இரண்டும் ஒரே சமயத்தில் வேலை செய்ய வேண்டும். எவ்வளவு சுமை தாங்கும் என்ற சோதனையோ அவற்றில் ஒன்றில் மட்டுமே நடந்தது. இரண்டின் அமைப்பும் ஒரே மாதிரி இல்லை. ஒன்றில் தேறியது மற்றதிலும் தேறும் என்று யாரோ எடுத்துக்கொண்டார்கள், வங்கியின் இயக்குநர் குழுவுக்கு அது தெரியவே இல்லை. 2022 டிசம்பரில் பிரிட்டனின் இரு நிதி ஒழுங்குமுறை அமைப்புகள் சேர்ந்து வங்கிக்கு 4.865 கோடி பவுண்டு அபராதம் விதித்தன. 2023 ஏப்ரலில் அப்போதைய தலைமைத் தகவல் அதிகாரி கார்லோஸ் அபார்காவுக்குத் தனிப்பட்ட முறையில் 81,620 பவுண்டு அபராதம் வந்தது. சாபிஸ் உண்மையில் தயாராக இருக்கிறதா என்று போதிய உறுதி பெறவில்லை என்பது அவர்மேல் இருந்த குற்றச்சாட்டு.

அங்கே சோதனை நடக்காமல் இல்லை. சோதித்த இடமும் ஓடப்போகும் இடமும் வேறாக இருந்தன, அந்த வேறுபாடு முடிவெடுப்பவர் மேசைக்கு எழுத்தில் போகவில்லை. டெஸ்டர் இன்ஃப்ரா குழுவுக்கு எழுதும் மின்னஞ்சல் அந்த எழுத்துதான். நாகர்கோவிலிலிருந்து ரயிலேறி வந்து வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு, சாட்டில் "சேட்டா, ஒரு சர்வர் கிடைக்குமா" என்று கேட்பது எளிது. சேட்டனும் நல்ல மனசோடு கொடுப்பார். ஆனால் பட்ஜெட் ஒதுக்குபவர் சாட்டைப் படிப்பதில்லை, மூன்று மாதம் கழித்து அதைத் தேடிக் கண்டுபிடிக்கவும் முடியாது.

என்ன எழுதலாம்? 2026 அக்டோபர் 12, திங்கட்கிழமை வெளியீடு என்று வைத்து ஒரு மாதிரி தருகிறேன். தேதிகளை வெளியீட்டிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். வழியில் ஓணம் இருக்கிறது: அந்த ஆண்டு திருவோணம் ஆகஸ்ட் 26. அந்த வாரம் இன்ஃப்ரா குழுவில் பாதிப் பேர் ஊரில் இருக்கமாட்டார்கள். சூழலைக் கையில் வாங்கிச் சரிபார்ப்பது அதற்கு முன்பே முடிய வேண்டும்.

ஜூலை 6 தேதியிட்ட மின்னஞ்சல்:

"அன்புள்ள இன்ஃப்ரா குழுவினருக்கு,

அக்டோபர் 12 வெளியீட்டுக்காக `sit-pay` என்ற தனி நேம்ஸ்பேஸ் தேவை. ஆகஸ்ட் 17 முதல் அக்டோபர் 16 வரை. 16-ஆம் தேதி மாலை நாங்களே காலி செய்து ஒப்படைக்கிறோம்.

காரணம்: கடந்த இரண்டு வார ஓட்டங்களில் செல்லாமல் போனவற்றின் பட்டியல், தேதி, நேரம், மாறிய பில்டு எண்ணுடன் இணைப்பில் உள்ளது. அவற்றில் தவறாகத் தேறியவற்றைத் தனியே குறித்திருக்கிறோம்.

தேவையானவை: எங்களுக்கு மட்டுமான கேட்வே சிமுலேட்டர், அடையாள விவரங்கள் மறைக்கப்பட்ட தரவுத்தளப் பிரதி, நேரலையில் உள்ள அதே பதிப்புகள். எங்கள் ஒப்புதல் இல்லாமல் புது பில்டு ஏற்றக்கூடாது. சுமைச் சோதனைக்கான இரு வாரங்களில் மட்டும் நேரலைக்கு இணையான நோடுகள் வேண்டும், மற்ற நாட்களில் பாதி போதும்.

தேதிகள்: ஆகஸ்ட் 17 முதல் 21 வரை சூழலைச் சரிபார்ப்போம். ஓண வாரத்தில் எந்த மாற்றமும் வேண்டாம். ஆகஸ்ட் 31 முதல் செப்டம்பர் 11 வரை செயல்பாட்டுச் சோதனை, 14 முதல் 25 வரை ரிக்ரெஷன், 28 முதல் அக்டோபர் 9 வரை சுமைச் சோதனை.

முடியும், முடியாது என்ற பதிலை ஜூலை 17-க்குள் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்."

காலி செய்யும் தேதியை முதல் பத்தியிலேயே வைத்தது காரணத்தோடுதான். இன்ஃப்ரா குழுவின் பெரிய பயம் கொடுத்த சர்வர் திரும்பி வராது என்பது, அந்தப் பயத்துக்கு ஆதாரமும் உண்டு. எந்த கிளவுட் கணக்கைத் திறந்தாலும் உரிமையாளர் யாரென்றே தெரியாத இரண்டு மூன்று சூழல்கள் பில்லைத் தின்றுகொண்டிருக்கும். அடுத்த பயம் செலவு. சுமைச் சோதனை தவிர்த்த வாரங்களில், வேலைநாட்களில் மட்டும் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் இயக்கி மற்ற நேரம் அணைத்து வைத்தால், வாரத்தின் 168 மணி நேரத்தில் 60-க்குத்தான் கணிப்பொறிச் செலவு. சேமிப்பகத்தின் வாடகை மட்டும் குறையாது. இரவு ரிக்ரெஷன் ஓடும் நாட்களை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நடு ஓட்டத்தில் சர்வர் அணைந்து புதிதாக ஒரு செல்லாத ஓட்டம் சேரும்.

தனிச் சூழல் கிடைத்தாலும் அது நாளாக நாளாக நேரலையிலிருந்து விலகும். நேரலையில் ஒரு நள்ளிரவு அவசரத்தில் யாரோ டைம்அவுட்டை மாற்றுவார்கள், இங்கே அது வராது. ஆகவே வாரம் ஒருமுறை இரண்டின் அமைப்பையும் ஒப்பிட்டு, வேறுபாடுகளை அனுப்பும் பொறுப்பு யாருடையது என்பதையும் அதே மின்னஞ்சலில் தீர்த்துக்கொள்வது நல்லது. டி.எஸ்.பி.யின் இரண்டு டேட்டா சென்டர்களுக்கு இடையே செய்யப்படாத ஒப்பீடு இதுதான்.

ஜூலை 17 தாண்டியும் பதில் இல்லையா? மீண்டும் கெஞ்சி எழுதிப் பயனில்லை. சூழல் இல்லாததால் எவையெல்லாம் சோதிக்கப்படாது என்ற பட்டியலை வெளியீட்டுக்குக் கையெழுத்திடுபவருக்கு அனுப்பி, இன்ஃப்ரா குழுவுக்கு நகல் வைக்க வேண்டும். "கேட்வே தாமதத்தில் பணம் திரும்புதல்: சோதிக்கப்படவில்லை. நேரலைச் சுமை: சோதிக்கப்படவில்லை." அக்டோபர் 9 அன்று போகும் இறுதி அறிக்கையிலும் அதே வரிகள் அதே சொற்களில் இருக்க வேண்டும்.